முட்டை சேர்க்காத மாவு

ஊரடங்கு தளர்ந்தும் தளராமலும் இருந்த அந்த வருஷத்தில், வடக்கனந்தலில் பிறந்தநாள் என்றால் ஜெயசுதா வீட்டு கேக் என்று ஆகிவிட்டிருந்தது. கடைகள் அடைத்துக் கிடந்த மாதங்களில் போனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வித்தை. முதல் நான்கைந்து கேக்குகளை மாட்டுக்குத்தான் போட்டாள். ஐந்தாவதோ ஆறாவதோ பஞ்சு மாதிரி உப்பி வந்தபோது, கணவன் வெங்கடேசனே ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கள்ளக்குறிச்சில கூட இந்த மாதிரி கெடைக்காது சுதா" என்றான். அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. சின்ன ஓவன் ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே ஆர்டர்களும் வந்தன.

வெங்கடேசனும் தம்பி வீரமுத்துவும் ஒரே வாசலில் இரண்டு வீடாக இருந்தார்கள். கரும்பும் மக்காச்சோளமும் பொதுவில் நடந்தன. வீரமுத்துவின் மனைவி கமலா பத்தாவதோடு நின்றவள். ஜெயசுதா பி.எஸ்சி. வேதியியல். இந்த வித்தியாசத்தை வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று ஜெயசுதா நினைத்துக்கொண்டிருந்தாள். கமலா எதற்கும் அவளைத்தான் கேட்பாள். காய்ச்சல் மருந்தை எத்தனை மில்லி கொடுக்கலாம், ரேஷன் கார்டில் பேரை எப்படிச் சேர்ப்பது, எல்லாமே "அக்கா, நீ சொல்லு" தான்.

கேக் செய்கிற நாளில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அடுப்பங்கரையில்தான் கிடப்பார்கள். ஜெயசுதாவின் மகன் பிரவீன்குமாருக்கு ஒன்பது வயது. கமலாவின் மகள் தேன்மொழி நாலு வயது முடிந்து ஐந்தில் நடந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் வழிகிற மாவுக்கு இரண்டு விரல்கள் நீண்டால், மரக்கரண்டியால் ஒரு தட்டு விழும்.

"முட்டை போட்ட மாவுடா. பச்சையா தின்னா வாந்தி பேதி வரும். முட்டை ஓட்டு மேலயும் கிருமி இருக்கும், உள்ளயும் இருக்கும். வெந்தப்புறம் தான் தின்னணும்."

பிள்ளைகளுக்குச் சொன்னதோடு விடமாட்டாள். முட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஓடு பட்ட தட்டைத் தனியாக எடுத்து வைப்பாள். தான் செய்கிற கேக்கின் மாவைத் தானே ஒருநாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. தன் சுத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கார்த்திகை மாதம் போராட்டம் சூடு பிடித்தது. தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாதிச் சங்கத்து ஆட்கள் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெங்கடேசன் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவன். வீட்டில் செல்போன் ஓயாமல் அடித்தது. வேன் பிடிப்பது, கொடி கட்டுவது, சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஆள் அலைந்தான். நடுவில் ஒருநாள் மனைவியிடம் வந்து, "போறவங்களுக்குப் பிஸ்கோத்து செஞ்சி குடு சுதா. வழில எங்கயும் நிறுத்த வுடமாட்டாங்க. ஆனா முட்டை வாணாம். பாதிப்பேரு மாலை போட்டுக்கினு இருக்கானுங்க, நம்ம தம்பியும்தான்" என்றான்.

முட்டை இல்லாத பிஸ்கட் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, ஏலக்காய், பிசையக் கொஞ்சம் பால். பெரிய அன்னக்கூடையில் மாவைக் கொட்டிப் பிசைந்தபோது வாசனை தெருவரைக்கும் போனது. பிரவீனும் தேன்மொழியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, கையை நீட்டாமல் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி விழும் என்று பழகியிருந்தது.

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னிக்கு முட்டை இல்லடா. தின்னுங்க" என்று எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள்.

வாசற்படியில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த கமலா உள்ளே எட்டிப் பார்த்தாள். "அக்கா, பச்ச மாவு. வயித்துக்கு ஒண்ணும் ஆவாதா?"

"முட்டைதான் இல்லயே கமலா."

"இல்லக்கா, வேகாத மாவாச்சே."

"மாவுல இன்னா இருக்குது? மாவும் வெண்ணையும் சக்கரையும். நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். கமலாவும் சிரித்துவிட்டுத் துணிக்குத் திரும்பினாள். தேன்மொழி விரலில் ஒட்டியதையும் நக்கிவிட்டு, "பெரிம்மா, இன்னொண்ணு" என்றாள். ஜெயசுதா கொடுத்தாள்.

மறுநாள் விடியலில் வேன்கள் கிளம்பின. பாதி வழியில் போலீஸ் மறித்து எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டது. அண்ணனும் தம்பியும் தொண்டை கட்டித் திரும்பி வந்தார்கள். பிஸ்கட் பிரமாதம் என்று நாலு பேர் சொன்னதாக வெங்கடேசன் சொன்னான். வெந்த பிஸ்கட்டைத் தின்ற ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்று நாள் கழித்துப் பிரவீனுக்கு வயிறு கலங்கியது. நாலைந்து தடவை போனான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தாள். இரண்டு நாளில் எழுந்து கிரிக்கெட் மட்டையைத் தேடினான். அவன் படுத்த மறுநாள் தேன்மொழி படுத்தாள். அவளுக்கு வயிற்றை முறுக்கி முறுக்கி வலித்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை. தண்ணீராகப் போனது, பிறகு சிவப்பாகப் போனது. கமலா அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, ரத்தமா போவுது. பாரேன்."

"சூடா இருக்கும் கமலா. பிரவீனுக்கும் வந்துச்சே, சரியாயிடுச்சே. இரு, மருந்து வாங்கியாறேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஜெயசுதாதான் போனாள். மருந்துக் கடையில், பிள்ளைக்குப் பேதி நிற்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். ரத்தம் போவதைச் சொன்னாளா என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். சொன்னதாக நினைவில்லை. கடைக்காரர் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார். மாத்திரை வேலை செய்தது. பேதி நின்றது. அன்றைக்குக் கமலா நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்கடுத்த நாட்களில் பிள்ளை எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்து மஞ்சள் தட்டியது. கண்ணிமை வீங்கியது. "ஒண்ணுக்கே போவமாட்டேங்குதுக்கா, நேத்திலேந்து" என்று கமலா சொன்னபோதுதான் ஜெயசுதா பிள்ளையை வாரித் தூக்கினாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, புதுச்சேரிக்குக் கொண்டு போங்கள், இப்போதே கிளம்புங்கள். ஆம்புலன்சுக்குக் காத்திருந்த நேரத்தில் ஜெயசுதா வராந்தாவில் நின்று போனில் தேடினாள். குழந்தை, ரத்தப் பேதி, சிறுநீர் நின்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் அடித்தாள். பக்கம் பக்கமாக வந்தது. அரைகுறையாக வெந்த இறைச்சி. காய்ச்சாத பால். கழுவாத கீரை. அதற்குக் கீழே ஒரு வரி: வேகாத மாவு.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு ஓடிப்போய் வெங்கடேசனைத் தூணோரம் இழுத்தாள்.

"நான் குடுத்த மாவுங்க. அன்னிக்குப் பிஸ்கோத்துக்குப் பெசஞ்சேனே, அத பச்சையா ரெண்டுக்கும் குடுத்தேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசு. இன்னா உளர்ற? நூறு பேரு தின்னிருக்கான் அந்தப் பிஸ்கோத்த."

"அது வெந்தது. இது வேகாதது."

"அதெல்லாம் எவனுக்குத் தெரியும்? வெங்கடேசன் வூட்டுப் பிஸ்கோத்துல வெஷம்னு கிளப்பி வுட்டானுங்கன்னா, சங்கத்துல நான் தல காட்ட முடியுமா? டாக்டர் கேட்டா கடைத் தண்ணி குடிச்சதுன்னு சொல்லு. இல்லன்னா ஒண்ணும் சொல்லாத. தம்பி காதுல இது வுழுந்துச்சின்னா வூடு ரெண்டாயிடும்."

ஆம்புலன்ஸ் வந்தது. கமலாவின் மடியில் பிள்ளை. எதிரே ஜெயசுதா. முன்னால் டிரைவர் பக்கத்தில் வீரமுத்து. உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது சாலையில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அங்கே மறியல் போலிருக்கிறது. லாரிகள் நீளத்துக்கு நின்றன. சைரன் சத்தம் கேட்டதும் கூட்டத்தில் இருந்தவர்களே எழுந்து, பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி, கைகோத்து நின்று வழி விட்டார்கள். கொடி பிடித்த ஒருவன் ஜன்னல் வழியே வீரமுத்துவைப் பார்த்து, "நம்ம ஆளா? போங்க தம்பி, போங்க" என்று கத்தினான். வீரமுத்து அவனைப் பார்த்துக் கும்பிட்டான். ஜெயசுதாவுக்கு அந்தக் கும்பிடைப் பார்க்க முடியவில்லை.

புதுச்சேரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர் நடுவயதுப் பெண்மணி. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் களைத்திருந்தன. கூட ஒருவர்தான் இருக்கலாம் என்ற சட்டத்தை அவரே தளர்த்தி, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் யாரோ அவர்களும் வரட்டும் என்று உள்ளே கூப்பிட்டார். கமலாவும் ஜெயசுதாவும் போய் நின்றார்கள்.

"பத்து நாளுக்குள்ள பாப்பா என்னென்ன சாப்பிட்டா? வெளியில ஏதாவது? காய்ச்சாத பால்? கறி?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சோறு, ரசம், இட்லி. மாலை போட்ட வூடு, கறி எடுக்கல" என்றாள் கமலா. யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். மாவு அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. நினைவு வைத்துக்கொள்ளும்படியான விஷயமாக அதை அன்றைக்கு ஜெயசுதா விடவும் இல்லை.

"வேகாதது எதுவுமே இல்லையா? நல்லா யோசிங்க."

"இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடப்போனார்.

"மாவு சாப்ட்டா" என்றாள் ஜெயசுதா.

கமலா திரும்பிப் பார்த்தாள்.

"பிஸ்கட் மாவு டாக்டர். மைதா. பச்சையா. ரெண்டு உருண்டை. நான்தான் குடுத்தேன். முட்டை போடல, அதனால ஒண்ணும் ஆகாதுன்னு…"

டாக்டர் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது ஜெயசுதாவுக்கு.

"எல்லாரும் முட்டைக்குத்தான் பயப்படுறாங்க. பயப்பட வேண்டியதுதான், பச்சை முட்டையில சால்மோனெல்லா இருக்கலாம். ஆனா மாவும் பச்சைப் பொருள்தாம்மா. கோதுமை வயல்ல வெளையுது. மாடு, ஆடு நடமாடுற எடம். சாணத்துல இருக்குற கிருமி தானியத்துல ஒட்டிக்கும். அரைக்கிறப்ப அது சாகாது. மாவ யாரும் வேக வச்சிப் பாக்கெட்டுல போடறதில்லையே. காஞ்ச மாவுல மாசக்கணக்கா அப்படியே கெடக்கும். அடுப்புல நல்லா வெந்தா செத்துடும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப இவதான்… இதுனாலதான் வந்துச்சா?" கமலாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. மலத்துல அந்தக் கிருமியோட நஞ்சு இருக்குன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. எதுலேர்ந்து வந்ததுன்னு சொல்லணும்னா அந்த மாவே வேணும். மிச்சம் இருக்கா?"

இல்லை. மூட்டை தீர்ந்து, சாக்கை உதறி மடித்து வைத்தாகிவிட்டது.

"இன்னொரு பையனும் சாப்பிட்டானா?"

"சாப்ட்டான். ரெண்டு நாள் வயித்தால போச்சி. சரியாயிடுச்சி."

"பெரும்பாலும் அப்படிச் சரியாயிடும். அஞ்சு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் சிலசமயம் ரத்தத்தையும் கிட்னியையும் பிடிச்சிடுது." டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "பேதிக்கு என்ன கொடுத்தீங்க?"

ஜெயசுதா மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

"ரத்தம் போறப்ப அதக் கொடுக்கவே கூடாதும்மா. பேதிய அடைச்சா நஞ்சு வயித்துலயே தங்கிடும்."

வெளியே வந்ததும் கமலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "உம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவலல்ல" என்றாள்.

என் பிள்ளையும்தான் தின்றான், இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் நினைத்தேன் என்று சொல்ல ஜெயசுதா வாயெடுத்தாள். சொன்னால் அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. கமலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேன்மொழியின் வயிற்றில் குழாய் போட்டு, அதன் வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கி ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். ஒருநாள் வலிப்பு வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் குழாயில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் இறங்கியது என்று வீரமுத்து போனில் அழுதுகொண்டே அண்ணனிடம் சொன்னான். வெங்கடேசன் அழுதான். ஜெயசுதா அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெங்கடேசன் அவளிடம் பேசுவதை அதற்கு முன்னாலேயே குறைத்துவிட்டிருந்தான். பேசினால் ஒரே பேச்சுதான்.

"வாயி வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம் இல்ல? நீ சொன்னதால வைத்தியம் மாறிடுச்சா?"

மாறவில்லை. அதுதான் உண்மை. அவள் சொல்லாமலிருந்தாலும் அதே குழாய், அதே ரத்தம். சொன்னதால் மாறியது வாசல் மட்டும். தை மாதக் கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த வீரமுத்து, மறுவாரமே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பினான். கரும்பு பாகம் பிரிந்தது. ஊரில் கதை வேறுமாதிரி ஓடியது. மாலை போட்ட வீட்டில் அவள் திருட்டுத்தனமாக முட்டை சேர்த்துவிட்டாள், சாமி குத்தம், அதனால்தான் பிள்ளைக்கு ஆனது என்றார்கள். கேட்ட முதல் நாள் ஜெயசுதா வேகமாக மறுத்தாள். முட்டை இல்லை, மாவுதான் என்று விளக்கினாள். "மாவுல இன்னா இருக்குது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. அன்று தான் கேட்ட அதே கேள்வி. அதற்கப்புறம் அவள் யாரிடமும் வாதாடவில்லை.

ஆனாலும் போனில் ஒன்று எழுதிப் போட்டாள். தன்னிடம் கேக் வாங்குகிறவர்கள் இருக்கும் குழுவில். பிஸ்கட் மாவோ கேக் மாவோ, முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பச்சையாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மாவை வெயிலில் காயவைத்தாலும் கிருமி போகாது. மாவு தொட்ட கையையும் பாத்திரத்தையும் கழுவுங்கள். ரத்தப்பேதி என்றால் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். யாருக்கு என்ன ஆனது என்று எழுதவில்லை. பதிலுக்கு, நாங்கள் சின்ன வயதில் சப்பாத்தி மாவையே தின்று வளர்ந்தோம் என்று ஒருத்தி போட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குழுவைவிட்டு வெளியேறினார்கள்.

மாசியில் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. ஊரெல்லாம் வெடி. வெங்கடேசன் தோளில் துண்டோடு தெருவில் நின்று லட்டு கொடுத்தான். வீரமுத்துவும் தெருவுக்கு வந்தான். அண்ணன் நீட்டிய லட்டை வாங்காமல், அடுத்தவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டான். பல பேர் பார்த்தார்கள். வெங்கடேசன் அன்றைக்கு ரொம்பக் குடித்தான். அதே வருஷம் ஐப்பசியில் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்றபோது, அவன் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். "எல்லாம் போச்சி" என்றான். எதைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

அவள் இப்போதும் எப்போதாவது கேக் செய்தாள், உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற, விஷயம் தெரியாத ஆர்டர்களுக்கு. பிரவீனின் பிறந்தநாளுக்கு ஒன்று செய்தபோது, அவன் தாயிடம் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போய்விட்டான். ஜெயசுதா பின்னாலேயே ஓடினாள். தேன்மொழி கையில் கேக். கமலா அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வெந்தது கமலா. நல்லா வெந்தது. குச்சி வுட்டுப் பாத்தேன்."

"நீ சொல்லித்தான் அன்னிக்கும் கேட்டேன்" என்றாள் கமலா. கேக்கைக் கோழிக்கு வீசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையின் கால்கள் குச்சியாகத் தொங்கின. ரத்தக்கொதிப்புக்கு அந்த வயதிலேயே மாத்திரை. சாப்பாட்டில் உப்பு கிடையாது.

புதுச்சேரிக்குப் பரிசோதனைக்குப் போகும் நாட்கள் ஜெயசுதாவுக்குத் தெரியும். விடியலில் வீரமுத்துவின் வண்டிச் சத்தம் கேட்கும். திரும்பி வருகிறவரைக்கும் அவளுக்குக் கை ஓடாது. போய்க் கேட்கவும் முடியாது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்வதைச் சுவரால் தடுக்க முடியவில்லை என்பதால், பிரவீன்தான் செய்தி கொண்டு வருவான்.

அந்தத் தடவையும் அவன் பையை எறிந்துவிட்டு வந்து சொன்னான். "தேனுக்கு கிரியாட்டினின் பூஜ்யம் புள்ளி ஒம்பதாம்மா. சித்தப்பா வாங்கியாந்த டெஸ்ட் பேப்பர் அவ பையில இருந்துச்சி, பாத்தேன். நல்லதா?"

ஜெயசுதா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சிறுநீரகம் கழிக்க வேண்டிய அந்தக் கழிவு ரத்தத்தில் பூஜ்யம் புள்ளி ஒன்பது வரை இருந்தால் இயல்பு என்று வந்தது. "நல்லதுதான்டா" என்று சொல்லிவிட்டு, அவன் வெளியே ஓடின பிறகு, அப்படியே கீழே தள்ளிப் படித்தாள். அது பெரியவர்களுக்கான அளவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதிதான் இருக்க வேண்டும் என்று அடுத்த வரியில் போட்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தேன்மொழி யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிரவீனாகத்தான் இருக்கும்.